நிழலுக்கு எத்தனை கட்டம்? எட்டு வயதுப் பிள்ளையோடு ஒரு டார்ச் பாடம்

மேற்கே அண்ணாமலையார் மலை தெரியும் கீழ்பென்னாத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கான குறிப்புகள் இவை. அரசுப் பள்ளிகளில் அறிவியல் சோதனைகளை நேரில் செய்துகாட்டும் வானவில் மன்றத் திட்டம் 2022 நவம்பரில் தொடங்கியது. ஆனால் அது 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. எட்டு வயசுக்காரருக்கு வீட்டுத் தரை, ஒரு சுவர், ஒரு டார்ச், பழைய காலண்டர் இருந்தால் ஆயிற்று. விளக்கு வைத்த பிறகு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. கேள்வியை ஒன்றோடு நிறுத்துங்கள். நிழல் என்றதும் பெரியவர்களுக்குச் சொல்ல நிறைய வந்துவிடும்: காலையில் நீளம், மதியம் குட்டை, கிரகணம், பூமி சுற்றுவது. இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம். டார்ச்சும் சுவரும் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் நிற்கும் அட்டையை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தினால் நிழலின் அகலம் என்ன ஆகிறது? இதுதான் கேள்வி. இதை நோட்டில் பிள்ளையே தன் சொற்களில் எழுதட்டும். “அட்டைய நவுத்துனா நிழல் பெருசாவுமா, சின்னதாவுமா?” என்று எழுதினால் அதைத் திருத்தாதீர்கள், கேள்வி சரியாகவே இருக்கிறது.

2. எட்டு வயதில் எதுவரை எட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் இதே நிழல் கணக்கைத்தான் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவே வெவ்வேறு அளவு வளையங்களை வைத்து, இரண்டு வளையங்களின் நிழலும் ஒரே அளவாக விழும்படி செய்யச் சொன்னார்கள். 1955-இல் வெளியான அவர்களுடைய புத்தகத்தில் அது வருகிறது. சின்னப் பிள்ளைகள் வளையத்தின் அளவை மட்டுமே பார்த்தார்கள். தூரத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது பிறகுதான் பிடிபட்டது. ‘தூரம் பாதியானால் நிழல் இரண்டு மடங்கு’ என்ற விகிதக் கணக்கு பருவ வயதை நெருங்கும்போதுதான் வந்தது. ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் விகிதத்தை எதிர்பார்க்காதீர்கள். கிட்டே வந்தால் பெரிது, தள்ளிப் போனால் சிறிது என்பதைத் தன் எண்களைக் காட்டிச் சொன்னால் பாடம் முழுசாக நடந்தது என்று அர்த்தம்.

3. மேசையைவிடத் தரை நல்லது. மேசை ஆடும், இடமும் போதாது. சுவரோரம் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தரையைக் காலி செய்துகொள்ளுங்கள். டைல்ஸ் போட்ட வீடு என்றால் சுவரின் அடியில் ஒட்டியிருக்கும் பட்டை ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் தாளை ஒட்டினால் தாள் வளைந்து நிற்கும், அளவும் பிசகும். அந்த வீடுகளில் பீரோவின் பக்கவாட்டையோ மூடிய கதவையோ சுவராக வைத்துக்கொள்ளலாம்.

4. அளவுத் தாளுக்குப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். அதில் ஒரு செ.மீ.க்கு ஒன்றாக நெட்டுக்கோடுகள் போடச் சொல்லுங்கள். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் சிவப்பில் இருந்தால் எண்ணுவது சுலபம். பிளாஸ்டிக் ஸ்கேலில் ஓரத்துக்கும் 0 கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். பிள்ளைகள் ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளந்துவிடுவார்கள், அல்லது 1-இலிருந்து தொடங்கிவிடுவார்கள். தாளில் கோடு போடும்போதே இதைச் சரிசெய்துவிட்டால் அப்புறம் ஸ்கேலே தேவையில்லை, கட்டத்தை எண்ணினால் போதும். கணக்கு நோட்டுக் கட்டத்தை நம்ப வேண்டாம். அது எல்லா நோட்டிலும் ஒரு செ.மீ. இல்லை. தாளின் அடி தரையைத் தொடும்படி நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். சாய்த்து வைக்காதீர்கள்.

5. டார்ச் விஷயத்தில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கிற பெரிய சார்ஜ் டார்ச்சில் ஏழெட்டுப் பல்புகள் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு பல்பும் தனித்தனி நிழலைப் போடும். ஓரத்தில் படிப்படியாக நாலைந்து நிழல் அடுக்கித் தெரிந்தால் காரணம் அதுதான். ஒற்றைப் பல்பு டார்ச் என்றாலும், பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணம் முழுவதும் விளக்குபோல வேலை செய்வதால் நிழலின் ஓரம் பரந்து மங்கிப்போகும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் உண்டு. கறுப்பு அட்டையில் பேனா ரீஃபில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, டார்ச்சின் கண்ணாடிமேல் ஒட்டுங்கள். பல பல்பு டார்ச்சில் ஓட்டை ஒரே ஒரு பல்புக்கு நேராக இருக்கவேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் போன் டார்ச்சே மேல். அதன் விளக்கு மிகச் சிறியது, நிழல் வெட்டினாற்போல் விழும். சில போன்களில் இரண்டு விளக்குகள் இருக்கும். அப்படியிருந்தால் ஒன்றைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

அகல் விளக்கு வேண்டாம். கார்த்திகை மாதத்தில் பிள்ளைகளே அகலைக் கேட்பார்கள், சுவரில் நிழல் ஆடுவது அவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஆடுகிற சுடரில் கட்டம் எண்ண முடியாது.

6. எதை அளப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எல்லோரும் நிழலின் உயரத்தைத்தான் அளக்கச் சொல்வார்கள். வீட்டில் செய்யும்போது அதுதான் காலை வாரிவிடும். விளக்கு அட்டையைவிட உயரத்தில் இருந்தால் நிழல் தரையில் விழுந்துவிடும். அட்டையை டார்ச்சுக்குக் கிட்டக் கொண்டுபோகப் போக, சுவரில் நிழல் வளர்வதற்குப் பதிலாகக் குட்டையாகிக் காணாமலே போகும். பிள்ளை தலைகீழாக ஒரு முடிவை எழுதிவைக்கும், அதன் கண்ணில் பட்டது அதுதானே. அகலத்தை அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. விளக்கு கொஞ்சம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் நிழலின் அகலம் மாறாது.

அப்படியும் நிழல் சுவரில் நன்றாக ஏறித் தெரிந்தால்தான் எண்ண வசதி. அதனால் போனை நெட்டுக்குத்தாக நிறுத்தாமல், நீளவாட்டில் படுக்கவைத்ததுபோல் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே செருகுங்கள். வெளிச்சம் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குள் வந்துவிடும். கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்து விளையாடக் கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

7. அட்டை 4 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு நல்ல கெட்டி. நிற்பதற்குச் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்று. உருண்டை அட்டையைவிட அகலமாகிவிட்டால் நிழலின் அடியில் அது புடைத்துத் தெரியும், பிள்ளை அதையும் சேர்த்து எண்ணிவிடும். எப்போதும் நிழலின் நடு உயரத்தில் எண்ணச் சொல்லுங்கள்.

8. தரையில் சாக்பீஸால் சுவரிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்து, 60 செ.மீ. தூரத்தில் டார்ச்சுக்கு ஓர் அடையாளம் போடுங்கள். 30 செ.மீ. ஸ்கேலை இரண்டு தரம் வைத்து அளப்பதைவிடத் தையல் டேப் நல்லது. அந்த டார்ச் அடையாளத்திலிருந்து சுவரை நோக்கி 20, 30, 40 செ.மீ. தூரங்களில் அட்டைக்கு மூன்று குறி. தூரத்தை எப்போதும் விளக்கு இருக்கும் இடத்திலிருந்தே எண்ணவேண்டும். டார்ச்சின் பின்முனையிலிருந்து எண்ணினால் எல்லாம் கெட்டுப்போகும்.

9. அளப்பதற்கு முன் ஊகம். நோட்டில் மூன்றே பத்திகள் போதும்: தூரம், ஊகம், அளவு. விளக்கை அணைத்துவைத்து, “அட்டைய இங்க வச்சா நிழலு எத்தன கட்டம் இருக்கும்?” என்று கேட்டு, சொன்ன எண்ணை எழுத வையுங்கள். எழுதியபின் அதை அழிக்க விடாதீர்கள். அளவு தெரிந்ததும் ஊகத்தை ரப்பரால் அழித்துச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்வது இந்த வயதின் வழக்கம், தப்பு எழுதினால் மார்க் போய்விடும் என்ற பயம். பென்சிலுக்குப் பதில் பேனாவைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

10. மங்கல் ஓரத்துக்கு ஒரு விதி வேண்டும். நிழலின் ஓரம் எங்கே முடிகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. அட்டை டார்ச்சுக்குக் கிட்டே இருக்கும்போது இது அதிகம். விளக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாக இருப்பதுதான் காரணம். ரீஃபில் ஓட்டை போட்ட டார்ச்சில், 20 செ.மீ. குறியில் மங்கல் அரை கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். 40-இல் அது ஒரு தடித்த பென்சில் கோடு அளவுதான். பேரனும் ஆயாவும் அளக்க உட்கார்ந்தால் பேச்சு இப்படிப் போகும்:

“ஆயா, நிழலு இங்கயும் முடியல, அங்கயும் முடியலயே.”

“கறுப்பு எங்க முடியுது, வெள்ள எங்க ஆரம்பிக்குது, ரெண்டுக்கும் நடுவுல கோடு போடு கண்ணு.”

“அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கமும் நடுவுலயே போடணும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி போடக் கூடாது.”

ஆயா சொல்வதுதான் விதி. நடுவில் என்று வைத்தாலும் சரி, கறுப்பு முடியும் இடத்தில் என்று வைத்தாலும் சரி, கடைசிவரை அது மாறக் கூடாது. நடுவில் வைப்பது உண்மையான அகலத்துக்கு நெருக்கமாக வரும். கட்டத்தில் பாதிக்கு மேல் நிழல் இருந்தால் ஒன்று என்று எண்ணட்டும், குறைவாக இருந்தால் விட்டுவிடட்டும். மில்லிமீட்டர் இந்த வயதுக்கு வேண்டாம்.

11. இப்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் 40-இல் அட்டை. பிள்ளையின் ஊகம் 4 கட்டம், ஏனென்றால் அட்டையின் அகலம் 4. இது சாதாரணமாக எல்லாப் பிள்ளைகளும் சொல்வது, நிழல் என்றால் பொருளின் அச்சு என்ற எண்ணம். அளந்தால் 6. அடுத்தது 30. அட்டையை டார்ச் பக்கம் நகர்த்தியதால், சுவரைவிட்டு விலகுகிறது, அதனால் நிழல் சின்னதாகும் என்று கணக்குப் போட்டு 5 என்று எழுதுகிறது. வந்தது 8. மூன்றாவதாக 20. இந்தத் தரம் உஷாராகி 10 என்று எழுதுகிறது. வந்தது 12. மூன்று ஊகமும் தப்பு, ஆனால் மூன்றாவது ஊகம் சரியான திசையில் திரும்பிவிட்டது. நீங்கள் கவனிக்கவேண்டியது இந்தத் திருப்பத்தைத்தான். எண்கள் பொருந்தவில்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது உங்களுக்கு மட்டும்: சுவர் வரையுள்ள தூரத்தை அட்டை வரையுள்ள தூரத்தால் வகுத்து, அட்டையின் அகலத்தால் பெருக்குங்கள். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3, அதை 4-ஆல் பெருக்கினால் 12. பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த அளவை எண்ணாமலே எழுதிவிடும்.

இது தெரிந்திருந்தால் எங்கே தப்பு நடந்தது என்பதையும் எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். 30 செ.மீ. குறியில் 8 வரவேண்டிய இடத்தில் 9 வந்தால் டார்ச் சுவரை நோக்கி ஏறக்குறைய 5 செ.மீ. நகர்ந்திருக்கும். யாருடைய கால் முட்டியாவது அதில் பட்டிருக்கும். 6 அல்லது 7 வந்தால் அட்டை சுவருக்கு நேராக நிற்காமல் திரும்பி நிற்கிறது. எல்லா எண்களும் ஒரே மாதிரி ஒன்று கூடுதலாக வந்தால் கட்டத்துக்குப் பதில் கோட்டை எண்ணியிருக்கிறது.

மூன்றும் முடிந்ததும் நான்காவதாக 15-இல் குறி போட்டு ஊகம் கேளுங்கள். அது 16 வரும். 13, 14 என்று சொன்னாலே போதும், 12-க்கு மேல்தான் வரும் என்பதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

12. முடிவு இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. இங்கேதான் பெரியவர்கள் புகுந்து கெடுப்பது. ‘ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒளி ஊடுருவாப் பொருளின் பின்னால் நிழல் உண்டாகிறது’ என்று சொல்லிக்கொடுத்து எழுதவைத்துவிடுவோம். அதில் தப்பில்லை, ஆனால் பிள்ளை இன்றைக்கு அதை அளக்கவில்லை. நோட்டின் எந்தப் பத்தியிலும் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் கிடையாது. மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எதை மாத்துனே? எது மாறுச்சு? உன் நோட்டுல எந்த எண் அதக் காட்டுது? பதிலைச் சேர்த்தால் முடிவு தானாக வந்துவிடும்: “அட்டையை டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்தபோது நிழல் அகலமானது. 40-இல் 6 கட்டம், 20-இல் 12 கட்டம்.” எழுத்துப்பிழை இருந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

சில பிள்ளைகள் “கிட்டப் போனா பெருசு” என்று மட்டும் எழுதும். எதற்குக் கிட்டே, டார்ச்சுக்கா சுவருக்கா என்று கேளுங்கள். இந்த ஒரு சொல் விட்டுப்போனால் முடிவு இரண்டு பக்கமும் படும். நோட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, இதைப் படித்து அட்டையை வை என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை முழித்தால் எழுதியவருக்கே குறை தெரிந்துவிடும்.

13. முடிவு எதுவரை செல்லும் என்பதைக் காலையில் காட்டுங்கள். வெயில் படும் சுவரில் அதே தாளை ஒட்டி, அதே அட்டையைச் சுவருக்கு இணையாக 20 செ.மீ. தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், பிறகு 40 செ.மீ. தள்ளி. முதல்நாள் முடிவை நம்பி, இரண்டாவது நிழல் பெரிதாக வரும் என்று பிள்ளை எழுதும். இரண்டுக்கும் 4 கட்டம்தான் வரும். ஓரம் கொஞ்சம் கூடுதலாக மங்கும், அவ்வளவே. சூரியன் இருப்பது ஏறக்குறைய 15 கோடி கி.மீ.க்கு அப்பால். அந்தத் தூரத்துக்கு முன்னால் நம் 20 செ.மீ. நகர்வு ஒரு கணக்கே இல்லை. எட்டு வயதுக்கு இந்த விளக்கமும் தேவையில்லை. முதல்நாள் எழுதிய முடிவின் முன்னால் ‘டார்ச் வெளிச்சத்தில்’ என்ற இரண்டு சொற்களைப் பிள்ளையே சேர்த்துக்கொண்டால் போதும். சேர்க்காவிட்டால் விட்டுவிடுங்கள், நான்காம் வகுப்பில் சேர்க்கும்.

14. அட்டையையும் தாளையும் பத்திரமாக வையுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12¼ பாகையில் இருக்கிறது நம் ஊர். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேராகத் தலைக்குமேல் வரும்: ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்டு 20, 21-ஐ ஒட்டி மற்றொன்று. ஆகஸ்டில் மேகம் மறைத்துவிடலாம், ஏப்ரலை நம்பலாம். அன்றைக்குப் பகல் சரியாக 12 மணிக்கு இல்லை, 12 மணி 12 நிமிடம் வாக்கில், தண்ணீர் மட்டம் பார்த்த பலகைமேல் அட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மொட்டைமாடித் தரை அந்த நேரத்தில் கொதிக்கும், செருப்போடு போகச் சொல்லுங்கள். நோட்டில் அன்றைய அளவு: 0 கட்டம்.